பத்தொன்பதாயிரம் பத்தொன்பதாயிரமாக

காரைக்காலில் நான் நடத்துவது உரக்கடை. சாகுபடி தொடங்கும் நேரத்தில் சரக்கு எடுக்கக் கையில் பணம் போதாது. அப்போதெல்லாம் பக்கத்து ஊர் விவசாயி நெரவி அண்ணன்தான் கைகொடுப்பார். நெல் விற்ற பணத்தை வட்டிக்கு எனக்குக் கொடுத்துவைப்பார். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. காலையில் கடைக்கு வந்து நாளிதழைச் சத்தமாகப் படிப்பார். உரம் வாங்க வந்தவர்கள் சாமான் கட்டும்வரை நின்று கேட்பார்கள்.

இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக்கூடாது என்று ஆடிட்டர் முன்பே சொல்லியிருந்தார். நான்தான் பெரிய கெட்டிக்காரன் ஆயிற்றே. அண்ணனிடம் ஒரே தொகையாக வாங்காமல், நாள் விட்டு நாள் பத்தொன்பதாயிரம் பத்தொன்பதாயிரமாக வாங்கினேன். சட்டத்தை ஏய்த்துவிட்டேன் என்று வீட்டில் பீற்றிக்கொண்டதும் உண்டு. நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

கணக்கு முடிக்கும்போது ஆடிட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரே ஆள்கிட்ட ஏற்கெனவே வாங்கின பாக்கியையும் சேத்துத்தாங்க பாப்பாங்க. முதல் பத்தொன்பதாயிரம் தப்பிச்சுது. அதுக்கப்புறம் வாங்கினது பூரா தப்புதான்."

"அபராதம் எவ்வளவு வருங்க?"

"தப்பா வாங்கின தொகை எவ்வளவோ, அவ்வளவும். குடுத்தவருக்கு இல்ல, வாங்கின உங்களுக்கு."

தணிக்கை அறிக்கையில் எழுதாமல் விடுங்கள் என்று கெஞ்சினேன். "கையெழுத்து போடறது நான்ங்க" என்று முடித்துக்கொண்டார்.

வருமான வரித் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஏன் அபராதம் விதிக்கக்கூடாது என்று காரணம் கேட்டிருந்தார்கள். விதித்தால் அந்தப் பருவத்துக்குச் சரக்கு எடுக்க முடியாது, கடையை மூட வேண்டியதுதான். நியாயமான காரணம் இருந்தால் விலக்கு கிடைக்கக்கூடும் என்றார் ஆடிட்டர். என்னிடம் காரணம் இல்லை. அதனால் ஒன்றை உண்டாக்கினேன். பணம் கொடுத்தவர் எழுதப் படிக்கத் தெரியாதவர், வங்கிக் கணக்கே இல்லாதவர், ரொக்கத்தை விட்டால் அவருக்கு வேறு வழி தெரியாது.

"நெசமாவே அவருக்கு பேங்க் கணக்கு இல்லைங்களா?" என்று ஆடிட்டர் கேட்டார். இல்லை என்றேன். நாக்கு கூசவில்லை.

அண்ணனிடம் சொன்னபோது படித்துக்கொண்டிருந்த நாளிதழை மடித்து வைத்தார். பிறகு, "கடை நிக்கும்னா சரி தம்பி. எங்க வரணும்?" என்றார்.

நோட்டரியின் அறை நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில். பிரமாணப் பத்திரத்தை அவர் வாசித்துக் காட்டினார். "எழுதப் படிக்கத் தெரியாத விவசாயியான நான்..." அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். காலையில் சட்டைப்பையில் குத்தியிருந்த பேனாவை எப்போது எடுத்து ஒளித்தார் என்று தெரியவில்லை. மைப்பெட்டியில் இடது பெருவிரலை அழுத்தித் தாளில் வைத்தார். வேட்டியில் கறை படக்கூடாதென்று, கடைக்குத் திரும்பும்வரை விரலைத் தனியாகத் தூக்கிப் பிடித்தபடியே வந்தார். வெட்கத்தில் நான் அவருக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தேன்.

அதுவும் எடுபடவில்லை. கடையின் வங்கிக் கணக்கு விவரம் கேட்டார்கள், கொடுத்தோம். அதிலேயே இருந்தது என் லட்சணம். கடனை ரொக்கமாக வாங்கிய நான், வட்டியை மட்டும் ஒழுங்காக அண்ணனின் வங்கிக் கணக்குக்கு அனுப்பியிருந்தேன். இல்லாத கணக்குக்கு. உத்தரவில் அதைக் குறிப்பிட்டு, பிரமாணத்தை நம்பமுடியாது என்று எழுதி, முழு அபராதத்தையும் விதித்திருந்தார்கள். ஆடிட்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மேல்முறையீட்டுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அபராதம் கட்டினால் வாங்கிய கடன் தீர்ந்துவிடாது. மனைவியின் நகையை அடகு வைத்து அண்ணனின் அசலைத் திருப்பினேன். அதையும் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்கு இன்னொரு அபராதம் உண்டு. அந்த இல்லாத கணக்குக்குத்தான் அனுப்பினேன். அபராதத்தைக் கட்டுவதற்காகக் கடையைப் பாதியாகத் தடுத்து ஒரு பக்கத்தை வாடகைக்கு விட்டுவிட்டேன்.

அண்ணன் இப்போதும் காலையில் வருகிறார். ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. அப்படிச் செய்திருந்தால்கூட ஆறியிருப்பேன். உத்தரவு வந்த வாரத்தில் ஒருநாள், யூரியா வாங்க வந்த பூவம் ஊர்க்காரர் ஒருவர் நாளிதழை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"தண்ணி என்னைக்குத் தொறக்குறாங்கன்னு போட்டிருக்கான் பாருங்க. சத்தமாப் படிங்க."

அண்ணன் கையை நீட்டவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீங்க படிங்க தம்பி," என்றார். "எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு சத்தியம் பண்ணிருக்கேன்."