ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல்

அந்த மரபணு லேப்பில் அவருக்குத் துடைப்பம் என்று பெயர். யார் வைத்தார்களோ, கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்ப்பார். வேலையே அதுதானே! லேப் வாடகைக்கு எடுத்திருந்த கிளவுட் சேமிப்பில் கோடிக்கணக்கான ஃபைல்கள் குவிந்து கிடந்தன. பழையதையும் பெருத்ததையும் பார்த்துப் பார்த்து அழிக்க வேண்டும். வீட்டிலோ ஒரு அறுந்த ஒயரைக்கூடத் தூக்கிப் போட மனசு வராது. "ஆபீஸ்ல அள்ளிக் கொட்டுறீங்க, நம்ம அலமாரின்னா மட்டும் கை நடுங்குது" என்று மனைவி வாருவாள். அவரும் சிரித்து மழுப்பிவிடுவார்.

அத்தனை ஃபைல்களையும் பக்கம் பக்கமாகக் கேட்டு வாங்கினால் நாள் கணக்காகும், கேட்கும் ஒவ்வொரு தடவைக்கும் காசு வேறு. அதனால் கிளவுட் நிறுவனமே வாரம் ஒருமுறை மலிவாக எடுத்துத் தரும் இருப்புப் பட்டியலை நம்பித்தான் அவர் வண்டி ஓடியது. ஃபைலின் பெயர், அளவு, கடைசியாக எழுதப்பட்ட தேதி எல்லாம் அதில் வந்துவிடும். ஐந்து வருடத்துக்கு மேல் பழையது, ஐம்பது ஜிபிக்கு மேல் பெரியது என்று சலித்தால் சில ஆயிரம் மிஞ்சும். அவற்றை டாக்டர்களுக்கு அனுப்பி, சரி என்று பதில் வந்ததும் அழிப்பார். இப்படியே வருடங்கள் ஓடின, ஒரு குறை வந்ததில்லை.

அந்த வாரமும் ஞாயிறன்று பட்டியல் வந்தது. திங்களன்று டாக்டர் ஒரு ஃபைலைக் குறிப்பிட்டே எழுதியிருந்தார்: "இந்தப் பழசு உதவாது, சரியா பதிவாகல. புதுசா எடுக்கப் போறோம். தாராளமா அழிச்சிடுங்க." புதனன்று துடைப்பம் மொத்தத்தையும் அழித்தார்.

வியாழக்கிழமை, சாம்பிளைப் படிக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அவர் அறைக்கு வந்தார்.

"தம்பி, செவ்வாக்கிழமை ஏத்துன ஃபைலைக் காணோம். கொஞ்சம் பாருங்களேன்."

"எது அக்கா?"

"அந்தக் குழந்தையோடது. ஆறு வருஷம் முன்னாடி ஒரு வயசுகூட ஆகாம செத்துப்போச்சே, அது."

அக்கா நம்பரைச் சொன்னார். டாக்டர் குறிப்பிட்டு எழுதியிருந்த அதே நம்பர். அந்த லேப்பில் நோயாளியின் நம்பர்தான் ஃபைலின் பெயர். புதிதாக எடுத்தாலும் அதே பெயரில், பழையதன் மேலேயே போய் உட்காரும். ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் இருந்தது பழையது. புதன்கிழமை அந்தப் பெயரில் இருந்தது புதியது. அவர் பெயரைக் கொடுத்து அழிக்கச் சொன்னார், கிளவுட்டும் இருந்ததை அழித்துவிட்டது.

அழிக்கும் முன் அந்தச் சில ஆயிரத்தை மட்டும் ஒருமுறை கேட்டு, தேதி மாறியிருக்கிறதா என்று பார்த்திருந்தால் டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும். செலவும் ஒன்றுமில்லை. பழைய ஃபைலை எவன் தொடப்போகிறான் என்ற மெத்தனம்! பாழாய்ப்போன மெத்தனம்!

"மெஷின்ல பிரதி இருக்குமே அக்கா?"

"இடம் பத்தலைன்னு ஏத்துன அன்னைக்கே அழிஞ்சுடும், உங்களுக்குத் தெரியாதா?"

"மறுபடி ஓட்டினா?"

"எதை வச்சு ஓட்டுறது? எடுத்து வச்சிருந்த ரத்தத்துல கடைசிச் சொட்டு அதுதான், தம்பி."

பழைய பிரதிகளைத் தனியே வைத்துக்கொள்ளும் வசதியை, செலவு என்று சொல்லி நிர்வாகம் எப்போதோ நிறுத்தியிருந்தது. ஆனாலும் கிளவுட் நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். எதிர்முனையில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். போனது போனதுதான் என்றாள்.

யாரும் அவரைத் திட்டவில்லை. மேனேஜர்கூட, "நடைமுறைப்படிதானே செஞ்சீங்க, விடுங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

குழந்தையின் அப்பாவும் அம்மாவும் வெளியே காத்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு இப்போது மூன்றாவது மாதம். வயிற்றில் இருப்பதற்கும் அதே கோளாறு உண்டா என்று பார்க்க வேண்டும். எந்தக் கோளாறு என்பதை அந்த ஃபைல்தான் சொல்லியிருக்கும். அக்கா எழுந்தார். "நானும் வர்றேன்" என்று இவரும் கூடப் போனார். ஏன் போனார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அறையில் தனியாக இருக்கப் பயமாக இருந்தது.

இவர்தான் சொன்னார்: "அம்மா, ரிப்போர்ட் குடுக்க முடியாது. சாம்பிளைப் படிச்சு வச்சிருந்த ஃபைலை நான் தவறுதலா அழிச்சிட்டேன்."

அந்த அம்மா பதறவில்லை. சேலைத் தலைப்பை ஒதுக்கி, கையை நீட்டினாள்.

"அதனால என்ன சார், மறுபடி எடுத்துக்குங்க. ஊசிக்கெல்லாம் நான் பயப்பட மாட்டேன்."

"உங்களோடது இல்லம்மா. குழந்தையோடது."

நீட்டிய கை அப்படியே நின்றது. கணவன் குனிந்து தரையைப் பார்த்தான்.

"அவன்கிட்ட இனிமே எப்படி சார் கேக்குறது?" என்றாள்.