அப்பாவுக்கு எழுதிய கடிதத்தின் பிரதி

ஒரே கூரையின் கீழ் இருந்த அப்பாவுக்கு நான் கடிதம் எழுதினேன் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா, மாடு எங்கே நிற்கிறது என்பதற்கு மேல் அப்பாவும் நானும் பேசிக்கொள்வதில்லை. மிச்சமெல்லாம் அம்மா ஊடாகப் போய் வரும். அப்படிப் போன எந்தக் கேள்வியும் முழுசாகத் திரும்பி வந்ததில்லை.

நான் கேட்க வேண்டியிருந்தது கடையறையை. கிளிநொச்சிப் பக்கத்தில், குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த எங்கள் காணியின் முன்னால், வீதியைப் பார்த்தபடி நின்ற சிறிய அறை. மீள்குடியேறி வந்த புதிதில் வீடு கட்டி மிஞ்சிய கல்லைக் கொண்டு அப்பா எழுப்பியது. ஒன்றரை வருடம் அதில் சீனியும் மாவும் விற்றார். வீதியை அகலமாக்கித் தார் போட்ட வருடம் அதை மூடினார். "யாவாரம் சரிவரேல்லை" என்றார். அன்றிலிருந்து பூட்டுத்தான்.

அறையின் பின்சுவரோடு ஒரு விறகுக் குவியல் கிடந்தது. அதில் ஒரு கொள்ளியை அம்மா எடுத்தாலும் அப்பாவுக்குக் கோபம் வரும். "அது கிடக்கட்டும், வேற விறகு இருக்குத்தானே" என்பார். எரிக்காத விறகை எதற்கு வைத்திருக்கிறார் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அவருடைய பிடிவாதங்களில் அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டோம்.

நான் வவுனியாவில் ஒரு கடையில் நான்கு வருடம் மோட்டர் வைண்டிங் பழகியிருந்தேன். எரிந்துபோன செப்புச் சுருளை வெட்டி எடுப்பது, எத்தனை சுற்று என்று எண்ணிக் குறிப்பது, கம்பியின் தடிப்பை அளப்பது, சுருள் இருந்த பள்ளங்களைச் சுரண்டிப் புதுத் தாள் வைப்பது, அதே எண்ணிக்கையில் மறுபடி சுற்றி வார்னிஷ் ஊற்றிக் காயவிடுவது. பத்துச் சுற்றுக் குறைந்தாலும் மோட்டர் சூடாகிவிடும். பொறுமையில்லாத எனக்கு அந்த வேலை மட்டும் ஏனோ பிடித்திருந்தது. மழையில்லாத சிறுபோகத்தில் கரண்ட் குறைந்து வரும்போது எங்கள் பக்கத்துக் கிணற்று மோட்டர்கள் ஒவ்வொன்றாய் எரியும். அதை வவுனியாவுக்குக் கொண்டுபோய்த் திரும்பி எடுக்க ஒரு கிழமை ஆகும். அதற்குள் வெங்காயம் வாடிவிடும். எனக்கு வேண்டியதெல்லாம் தூசி படாத ஓர் அறையும் மின்னிணைப்பும். அந்த அறை கிடைத்தால் பிறத்தியாருடைய கடையில் நின்று பேச்சு வாங்காமல் என் வீட்டு வாசலில் பிழைக்கலாம். என் ஆசை அவ்வளவுதான்.

கடைக்கு மின்னிணைப்பு எடுக்க வியாபாரப் பெயரைப் பதிந்துகொண்டு வரும்படி மின்சார சபையில் சொன்னார்கள். பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் கேட்டேன். காணி என் பெயரில் இல்லாததால் அப்பாவின் அனுமதிப்பத்திரப் பிரதி, அவர் எழுத்தில் தரும் சம்மதம், இடத்தை நேரில் பார்த்துக் கிராம அலுவலர் தரும் சிபாரிசு, இவ்வளவும் வேண்டும் என்றார்கள். எழுத்தில் என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாயால் கேட்கத் தேவையில்லையே.

ஓர் இரவு முழுக்க அடித்து அடித்து எழுதினேன். "அன்புள்ள அப்பாவுக்கு" என்று தொடங்கி, "தங்களால் தற்போது பயன்படுத்தப்படாதிருக்கும் கடையறையை" என்று போனேன். காணி அனுமதிப்பத்திர இலக்கம், அறையின் நீள அகலம், வீதியிலிருந்து எவ்வளவு தூரம் என்றெல்லாம் போட்டேன். அடியில் "பிரதி: கிராம அலுவலர்" என்று எழுதினேன்.

அந்தக் கடைசி வரியை யாரும் சொல்லித் தரவில்லை. நான் வளர்ந்ததே கடிதங்களுக்குள். கூரைத் தறப்பாளுக்கும் வீட்டுக்கும் காணிக்கும் ஊரே கடிதம் எழுதிய காலம் அது. பிரதி போடாத கடிதத்துக்குப் பதில் வராது என்பது எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால் கெட்டேன். காலையில் பிரதியைக் கொடுத்துவிட்டு வந்துதான் அப்பாவிடம் கடிதத்தை நீட்டினேன்.

குசினி வாசலில் கதிரையைப் போட்டுக் கண்ணாடியை மாட்டி மெதுவாக வாசித்தார். பாதியில் முகம் கொஞ்சம் இளகியது போலிருந்தது. அடிக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இதென்ன கீழ?"

"பிரதி அப்பா."

"குடுத்திட்டியோ?"

"ஓம். காலமையே குடுத்திட்டன்."

கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "சரி" என்றார். ஓமா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. தன் அதிகாரத்தை மதிக்கவில்லை என்ற கோபம் என்று நினைத்தேன். எனக்கும் கோபம் வந்தது. சும்மா கிடக்கிற அறைக்கு என்ன கிராக்கி என்று அம்மாவிடம் கத்தினேன்.

இரண்டு கிழமை கழித்துக் கிராம அலுவலர் வந்தார். எங்கள் கஷ்டமெல்லாம் தெரிந்த நல்ல பெண். அனுமதிப்பத்திரக் காணி என்பதால் காணி உத்தியோகத்தரும் கூட வந்திருந்தார். அவர் கையில் வரைபடமும் அளவு நாடாவும் இருந்தன. வீதியின் நடுவிலிருந்து நாடாவை இழுத்துக்கொண்டு வந்தவர் அறையைத் தாண்டி விறகுக் குவியலில் போய் நின்றார்.

"இந்த விறகை ஒருக்கா எடுங்கோ தம்பி."

அப்பா வேலியோரம் நின்றார். அளந்து முடித்தால் கையெழுத்துக் கிடைத்துவிடும் என்ற அவசரத்தில் நானே இரண்டு கையாலும் அள்ளி எறிந்தேன். பாதியைக் கறையான் தின்றிருந்தது. அடியில் வெள்ளை பூசிய எல்லைக் கல் நின்றது. வீதி அகலமானபோது நட்ட கல். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் வீதிக்குச் சொந்தம். எங்கள் கடையறை முழுவதும் அதற்கு முன்னால் இருந்தது.

"ஐயா, இது உங்களுக்குத் தெரியுமே?" என்று கிராம அலுவலர் கேட்டார்.

"ஓம் பிள்ளை. அப்பவே உடைக்கச் சொன்னவை. மனம் வரேல்லை."

அவர் என் பிரதியைக் கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "எழுத்தில வந்திட்டுதே தம்பி. இனி நான் என்னெண்டு காணாத மாதிரிப் போறது?"

ஒரு மாதத்துக்குள் அகற்றும்படி அறிவித்தல் வந்தது. வாடகைக்காவது தாருங்கள் என்று பிரதேச செயலகத்துக்கு நான் இன்னொரு கடிதம் எழுதினேன். வீதிக்கு ஒதுக்கிய நிலத்தை யாருக்கும் கொடுக்க முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதற்கு மேல் எழுத எனக்கு யாரும் இருக்கவில்லை.

ஆளைப் பிடிக்காமல் நானும் அப்பாவும்தான் உடைத்தோம். அவர் கூரையில் ஏறித் தகரத்தைக் கழற்றித் தர நான் கீழே நின்று வாங்கினேன். உள்ளே சீனி மூட்டை வைத்த பலகை அப்படியே இருந்தது. மோட்டர் வைத்துச் சுற்ற அளவான உயரம். அதைப் பார்த்ததும் தாங்கமுடியாமல் கேட்டேன்.

"கல்லு இருக்கெண்டு ஏனப்பா சொல்லேல்லை?"

அவர் ஆணி பிடுங்குவதை நிறுத்தவில்லை.

"நீ எப்ப என்னட்டக் கேட்டனீ? பதிவு ஒண்டும் வேண்டாம், வீட்டிலயிருந்து கரண்ட் இழுத்துச் சத்தமில்லாமச் செய் எண்டு சொல்லத்தான் இருந்தனான். அந்தக் கடைசி வரியை வாசிக்குமட்டும் பூட்டின்ர திறப்பைத் தாற எண்ணத்திலதான் வாசிச்சனான்."

அடுத்த தகரத்தை நீட்டினார். நான் வாங்கினேன். மறுகிழமை வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன். இன்னும் அதே கடையில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.