ஞாயிற்றுக்கிழமை டெமோ

என் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லை. வீட்டுச் சாமான் கடையில் வருடக்கணக்காக மிக்சி ஓட்டிக் காட்டி விற்கிறவள் என்பதால், தெருவில் நடந்தால்கூட ‘மிக்சி அக்கா’தான். வாயாடி. வாங்க வராதவரையும் நிறுத்தி வைத்துப் பேசி, பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவாள். அத்தான் அதற்கு நேர்மாறு. கேட்டால்தான் பதில் வரும்.

அத்தான் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணம் மட்டும்தான் அவர்களுக்குக் கையிருப்பு. அதை வைத்து அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் மனிதர் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தபோது, பங்குச் சந்தையில் சம்பாதிப்பது எப்படி என்று போனில் ஓர் இலவச வகுப்பு வந்தது. மூன்று சாயங்காலம் கண் கொட்டாமல் பார்த்தார். மீதி ரகசியம் ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் ஹாலில், அதுவும் இலவசம், தம்பதியாக வர வேண்டும் என்றார்கள். ஓசி டீக்கு ஆசைப்பட்டு நானும் ஒட்டிக்கொண்டேன்.

கோட்டு போட்ட ஓர் ஆள் மேடையில் குதித்துக் குதித்துப் பேசினான். எனக்கு அவனைப் பார்த்ததுமே எரிச்சல். திரையில் அவனுடைய லாபக் கணக்கு, பச்சைப் பச்சையாக. “நானும் டிரைவராத்தான் இருந்தேன்” என்று ஒருவர் எழுந்து அழுதார். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானே கைதட்டிவிட்டேன், பொய் சொல்வானேன்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். முழுப் பயிற்சி இரண்டரை லட்சம். அதை அடித்துவிட்டு ஒன்றரை. அதையும் அடித்துவிட்டு எண்பத்தைந்தாயிரம், முதல் இருபது பேருக்கு மட்டும். பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. ஜனங்கள் பின்னால் இருந்த மேசைக்கு ஓடினார்கள். “போங்க, போங்க, இடம் போயிடப் போகுது!” என்று அத்தானைத் தள்ளிவிட்டதே அக்காதான்.

மேசையில் இருந்த பெண் கார்டை வாங்கி மெஷினில் செருகி, தொகையை அடித்துவிட்டு, ரகசிய எண் போடச் சொல்லி நீட்டினாள். அத்தானின் விரல் நின்றது.

“வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு நாளைக்கு வரட்டுமாம்மா?”

“நாளைக்கு இந்த விலை இருக்காது சார். யோசிக்கிறவங்க யோசிச்சிட்டேதான் இருப்பாங்க. மேடம், நீங்களாவது சொல்லுங்க, சாருக்கு உங்க மேல அக்கறை இருக்குல்ல?”

அக்காவின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

“அடி ஆத்தி! இது நான் தினம் பேசுற பேச்சுடா” என்றாள் என்னிடம். “மனைவிய வச்சுப் புருஷன இழுக்கிறது உட்பட!”

அவ்வளவுதான். மேடையைப் பார்த்து அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

“தம்பி! நானும் விக்கிறவதான். இன்னைக்கு மட்டும்னு தினமும் சொல்றவ. ஆனா நான் மிக்சிய ஓட்டிக் காட்டாம ஒருத்தர்கிட்டயும் காசு வாங்கினதில்ல. நீங்க இப்ப உங்க சொந்தக் காசுல ஒரு பங்கு வாங்கி, வித்துக் காட்டுங்க. பாத்துட்டுப் போறோம்.”

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமை மேடம், மார்க்கெட் லீவு.”

“அப்ப கரண்ட் இல்லாத நாளாப் பாத்து டெமோவுக்குக் கூப்பிட்டிருக்கீங்க!”

ஹால் குலுங்கச் சிரித்தது. அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. “இந்த மாதிரி நெகட்டிவ் ஆளுங்கதான் கடைசி வரைக்கும் ஏழையாவே இருப்பாங்க” என்றான். அவனுடைய ஆட்கள் மூன்று பேர் அக்காவைச் சூழ்ந்துகொண்டு, வெளியே போய்ப் பேசலாம் என்று நெருக்கினார்கள். நான் சட்டைக் கையை மடித்தேன். எதற்கு மடித்தேனோ, எனக்குச் சண்டையே தெரியாது.

அப்போது அத்தான் மெஷினில் ரத்து செய்யும் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். கார்டை உருவிப் பைக்குள் வைத்தார். மாதக்கணக்காக வாய் திறக்காத மனிதர் அந்த ஹாலுக்கே கேட்கப் பேசினார்.

“அவள விடுங்க. எனக்கு வேலை போச்சு. பயந்துபோய்த்தான் இங்க வந்தேன். இங்க முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வந்திருப்பாங்க. நீங்க பாடம் விக்கல சார், எங்க பயத்த எங்களுக்கே விக்கிறீங்க. எனக்கு வேணாம்.”

 பிறகு வரிசையில் முன்னால் நின்ற அம்மா கார்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஒருவர், இன்னொருவர். சிலர் தலையைக் குனிந்தபடி கட்டவும் செய்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் வரிசை பாதியாகிவிட்டது.

எனக்கு விசில் அடிக்கத் தெரியாது. அன்றைக்கு அடித்தேன், காற்றுதான் வந்தது.

படியில் இறங்கும்போது அக்கா அத்தானின் கையை விடவே இல்லை. யார் யாரோ வந்து அவளுக்குக் கைகொடுத்தார்கள்.

“எனக்கு எதுக்குங்க?” என்றாள், அழுகையும் சிரிப்புமாக. “எனக்குக் கூட்டம் சேக்கத்தான் தெரியும். கலைச்சது எங்க வீட்டுக்காரர்!”