அக்காவின் காணியில் தவளைகள்

விலங்கியல் படித்த பெண்ணுக்குப் புத்தளத்தில் வேலை கிடைப்பது லேசில்லை. கிடைத்த வேலையை வெளியில் சொல்வது அதைவிடக் கஷ்டம். "தவளை, பாம்பு, பறவை எண்டு பாத்து அறிக்கை எழுதிறன்" என்று சொன்னால், "அதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களோ?" என்பார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். குடுக்காமல் என்ன, உங்கட வீட்டிலயோ சாப்பிடுறன் என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

சண்டை முடிந்து சில வருடங்களில் அப்படி ஒரு வேலை பாலாவிக்கு அப்பால், கடல்நீர் தேங்கும் களப்புப் பக்கம் வந்தது. வீடில்லாத குடும்பங்களுக்கு யாரோ ஒரு கொடையாளி காணி வாங்கி வீடு கட்டிக் கொடுக்கப்போகிறார். அடிக்கல் நாட்ட முன் அந்த நிலத்தில் என்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வீடுகளில் ஒன்று என் அக்காவுக்கு. வன்னியில் சண்டையின் கடைசி நாட்களில் அத்தானைப் பறிகொடுத்து, இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு என்னிடம் வந்து சேர்ந்தவள். பாலாவியில் ஒரு அறைக்குள் நாங்கள் நாலு பேர். வருடம் முடிவதற்குள் கட்டத் தொடங்காவிட்டால் கொடையாளி காசைத் திருப்பி எடுத்துவிடுவார் என்று சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கு அந்த வீட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

கோடையில் நான் போய்ப் பார்த்தபோது நிலம் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. உடைமுள்ளும் இரண்டு ஓணானும் தவிர ஒன்றுமில்லை. மழை விழுந்தபின் இன்னொரு தடவை பார்க்காமல் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று அடம்பிடித்தேன். அங்கே பொறுப்பாக இருந்த இன்ஜினியருக்கு அது பிடிக்கவில்லை. கற்பிட்டிப் பக்கத்து முஸ்லிம் மனிதர், நல்லவர், ஆனால் அவசரக்காரர். "காணிக்காரர் சத்தியம் பண்ணிச் சொல்றார் தங்கச்சி, இங்க தண்ணி நிக்காதாம்," என்றார். சுற்றிவரக் கேட்டுப் பார்க்க ஒரு குடிசையும் இல்லை.

முதல் பெருமழை ஒரு பின்னேரம் கொட்டியது. அக்கா அன்றைக்குத் தன் காணியைப் பார்க்க என்னோடு வந்திருந்தாள். அடுப்பு வைக்கும் குசினி எங்கே, கிணறு எங்கே என்று ஈர்க்கால் கோடு கிழித்துக்கொண்டிருந்தவள், மழையைக் கண்டதும் சீமெந்துக் கொட்டிலுக்குள் ஓடிவந்தாள். மழை விட்டு, வெளிச்சம் மங்கும் நேரம் ஒரு தவளை கத்தியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு, ஐயோ, அந்தக் காணி கிடந்த பள்ளம் முழுவதும்! ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை.

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம். "எங்கட வயலுக்குள்ள நிக்கிற மாதிரிக் கிடக்கடி! ஏன் உதுகள் எல்லாம் சேந்து கத்துதுகள்? ஒண்டொண்டாக் கத்தினா என்ன?"

கேட்டால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அது என் வியாதி.

"கத்திறது எல்லாம் ஆண். பெண்தவளை கத்தாது, கேட்டுக்கொண்டு வரும். தனிய ஒண்டு கத்தினாத் தூரத்துக்குக் கேக்காது. எல்லாம் சேந்து கத்தினாத்தான் பத்தைக்குள்ள, பொந்துக்குள்ள கிடக்கிற பெண்ணுக்கு இங்க தண்ணி வந்திட்டுது எண்டு தெரியும். பக்கத்தில ஒருத்தன் கத்தேக்க நீ வாயை மூடிக்கொண்டு இருந்தா உன்னட்ட ஆர் வருவினம்? சத்தத்துக்குப் பாம்பும் வரும்தான். ஆனா இத்தனை பேருக்குள்ள அது ஆரைப் பிடிக்கும்?"

"அதுக்கு ஏன் இண்டைக்கே இந்த அவசரம்?"

"மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்து மழைக்குத்தான் வெளிய வருதுகள். களப்புத் தண்ணி உப்பு, அதில முட்டை தப்பாது. இந்த மழைத்தண்ணிதான் கதி. அது வத்த முதல் முட்டை பொரிச்சு, வால்பேத்தை கால் முளைச்சு ஏறோணும். அதுக்குச் சில கிழமை, இருவது முப்பது நாள் வேணும். பிந்தினது செத்துது."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நான் சொல்வதன் அர்த்தம் எனக்கே உறைத்தது. அக்காவும் ஒன்றும் விளங்காத விசரி இல்லை. அவளுடைய சிரிப்பும் நின்றது.

"அப்ப... தண்ணி சில கிழமை நிக்கும் எண்டு உதுகளுக்குத் தெரியுமோ?"

"தெரியாது அக்கா. ஆனா இந்தப் பள்ளத்துக்குள்ள இத்தனை தவளை இருக்கெண்டா, முந்தின வருசங்களில இங்க தண்ணி நிண்டிருக்கோணும். நிக்காட்டி இதுகள் பிறந்தே இருக்காது."

அவள் தான் கிழித்த குசினியைப் பார்த்தாள். அது தண்ணீருக்குள் கிடந்தது. "நுணல் தன்ர வாயால கெடும் எண்டு சொல்லுவினம்," என்றாள். "இது என்ர வீட்டையெல்லே கெடுக்குது. நீ உதை எழுதாதை."

எழுதுவேன் என்று சொன்னேன். வெள்ளத்துக்குள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கட்டிலில் ஏறி நிற்கப்போகிறாயா என்று கத்தினேன். அவளும் கத்தினாள். நனைந்து விறைத்துத் திரும்பினோம்.

வருடாவருடம் கிழமைக்கணக்கில் தண்ணீர் நிற்கும் பள்ளம் இது என்று தவளைகளைச் சாட்சி வைத்து எழுதிய என் அறிக்கையைக் கண்டு இன்ஜினியர் அந்தக் கிழமையே ஒரு மாலையில் நேரே வந்தார். வீடு கிடைக்கவிருந்தவர்களில் வரக்கூடியவர்களையும் கூப்பிட்டிருந்தார். பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். இருட்டும்வரை நின்றோம். ஒரு சத்தமும் இல்லை.

"எங்க தங்கச்சி உங்கட தவளை? மழை பெஞ்சா எங்கேயும் ரெண்டு நாள் தண்ணி நிக்கும்தானே. நாலு தவளைக்காக இத்தனை குடும்பத்தின்ட வீட்டை நிப்பாட்டச் சொல்றீங்களா?"

வந்திருந்தவர்கள் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்கள். கூடிக் கத்துவது முதல் சில இரவுகளுக்குத்தான், பெண்கள் வந்து முட்டை இட்டுவிட்டுப் போனபின் அவை ஏன் கத்த வேண்டும் என்று சொன்னேன். யார் கேட்டார்கள்? இன்ஜினியர் அக்காவைப் பார்த்தார்.

"நீங்களும் அண்டைக்கு நிண்டீங்களாமே. உண்மையா அவ்வளவு கத்திச்சா?"

இல்லை என்று ஒரு சொல். அல்லது, கொஞ்சம் கத்தியது என்று. அது போதும், அவளுக்கு வீடு. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் நானே பொய் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"கத்தினது," என்றாள் அக்கா. "காது அடைக்கக் கத்தினது. நாங்கள் கதைச்சது எங்களுக்கே கேக்கேல்ல."

சொல்லிவிட்டுச் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். தண்ணீரில் உள்ள உயிர்களை அள்ளிப் பார்க்க நான் கொண்டுவந்திருந்த வெள்ளைத் தட்டைப் பிடுங்கி ஓரத்தில் ஒருமுறை அள்ளினாள். இன்ஜினியர் டோர்ச் அடித்தார். மிளகு கொட்டினதுபோல வால்பேத்தைகள் தட்டு நிறையத் துடித்தன. அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு, "இதில வீடு கட்டிக் குடுத்தா நான் அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லணும்," என்றார். மண் போட்டு உயர்த்தக் கொடையாளியிடம் காசில்லை. வேறு காணி தேட அந்த வருடத்தில் நாளும் மிச்சமில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

பஸ் வரும்வரை நானும் அக்காவும் ரோட்டோரம் நின்றோம். அவள் சீலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

"தண்ணி வந்திட்டுது எண்டு உதுகள் சேந்து கத்தினதுகள். கேக்க வேண்டிய பெண்தவளை கேட்டு வந்திட்டுது, என்ன?"

"ஓம்," என்றேன்.

"வன்னியில நாங்களும் எல்லாரும் சேந்துதானேயடி கத்தினாங்கள். ஆர் வந்தது?"

பஸ் வந்தது. அவள் முன்னால் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. நான் நின்றுகொண்டே வந்தேன்.