நைனார்பாளையத்து வாசகசாலையில் கண் சிமிட்டிய விளக்கு

பிள்ளைகளே, நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். வயரிங் வேலைதான் எனக்குத் தெரியும். ஆனால் நைனார்பாளையத்து வாசகசாலையில் படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து அடித்த கூத்தை நான் எழுதி வைக்காவிட்டால், என் வயர்மேல் சுமத்திய பழிதான் நிற்கும்.

அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காகக் கட்டிய கூடம் அது. சுவருக்குள் குழாய் பதித்து, ஒவ்வொரு வயரையும் நானே இழுத்தேன். பூச்சும் பெயிண்டும் முடிந்த பிறகு வெளியூர் இன்ஜினியர் ஒருவர் வந்தார். ஜன்னல் ஓரம் விரல் பருமனில் ஒரு சென்சாரைக் கண்ணாடியைப் பார்த்து வைத்தார். பகல் வெளிச்சம் இருந்தால் விளக்கு அணையும், குறைந்தால் எரியும், அவ்வளவுதான். அந்த சென்சாரின் தலைக்கு நேர்மேலேயே ஒரு எல்.இ.டி. லைட்டையும் மாட்டச் சொன்னார். ஜன்னல் அழகாகத் தெரியுமாம்.

முதல் நாள் சாயங்காலமே விளக்குகள் சிமிட்ட ஆரம்பித்தன. எரியும், அணையும், எரியும், அணையும். படிக்க வந்த பெண்கள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

இன்ஜினியர் என்னைத்தான் பார்த்தார்.

"அண்ணே, எங்கயோ லூஸ் கனெக்‌ஷன் விட்டிருக்கீங்க."

"ஒரு ஜாயின்ட்டும் லூஸ் இல்ல சார். சுச்சில நேரா போட்டா கல்லு மாதிரி நின்னு எரியுது பாருங்க."

"நான் இன்ஜினியரா, நீங்க இன்ஜினியரா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. அவர் டேப்லெட்டில் எதையோ தட்டினார். விளக்கு மாறுவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினாராம். அதன்பிறகு சில நொடிக்கொரு முறை சிமிட்டியது ஐந்து நிமிடத்துக்கொரு முறை சிமிட்டியது. நோயை நிதானமாக்கிவிட்டு, அதற்கு வைத்தியம் என்று பேர் வைத்தார். அதுவும் பலிக்காததால், வெள்ளிக்கிழமை சுவரைக் கொத்தி வயரையெல்லாம் உருவிப் பார்க்கலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சின்னசேலத்துக்குச் சாப்பிடப் போனார். கொத்தினால் இந்த ஊரில் எனக்கு இனி ஒரு வூட்டு வேலையும் கிடைக்காது. அவருக்கு அதெல்லாம் எதற்கு?

வாசகசாலை நிர்வாகி வேறு ரகம். "கண்ணு பட்டிருக்குது, வேற இன்னா?" என்று சொல்லி, கோரைப்பல்லும் மீசையுமாக ஒரு பெரிய திருஷ்டிப் பூதப் படத்தை வாங்கி வந்து ஒட்டினார். எங்கே ஒட்டினார் தெரியுமா? சென்சார் பார்த்துக்கொண்டிருந்த அதே கண்ணாடியின் வெளிப்பக்கத்தில்! ஒட்டியது வியாழக்கிழமை பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு.

ஐந்தாவது நிமிடம் விளக்குகள் எரிந்தன, அடுத்த ஐந்தில் அணைந்தன, பட்டப்பகலிலேயே சிமிட்ட ஆரம்பித்துவிட்டன.

"பார்த்தியா, ரொம்ப பெரிய கண்ணுப்பா இது!" என்றார் நிர்வாகி.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. வயர் கெட்டிருந்தால் படம் ஒட்டியா சிமிட்டும்? பூதம் வெயிலை மறைத்தது. சென்சாருக்கு இருட்டிவிட்டது, விளக்கைப் போட்டது. தலைக்கு மேலே எரிந்த லைட்டின் வெளிச்சம் சென்சார்மேல் விழுந்தது. விடிந்துவிட்டது என்று நினைத்து அணைத்தது. அணைந்ததும் மறுபடியும் இருட்டு. தன் விளக்கையே சூரியன் என்று நம்புகிற முட்டாள் அது. பட்டப்பகலில் நிஜச் சூரியன் கொட்டுவதால் ஏமாறாது. பொழுது சாய்ந்தால் ஏமாறும்.

அந்த லைட்டை மட்டும் கழற்றிப் பார்த்தேன். சிமிட்டல் குறைந்தது, நிற்கவில்லை. உள்ளே எரிகிற மற்ற விளக்குகள் ஜன்னல் கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் தெரிந்தன. அந்தப் பிம்பத்தையும் சென்சார் பகல் வெளிச்சம் என்றே எடுத்துக்கொண்டது.

பூதத்தைப் பிய்த்தேன். ஒரு சாண் பிவிசி குழாயை அறுத்து, உள்பக்கம் பளபளப்பில்லாத கறுப்பு பெயிண்ட் அடித்து, பின்பக்கம் சென்சாரை வைத்து அடைத்தேன். முன்வாயில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கண்ணாடியோடு அழுத்தி ஒட்டினேன். இனி வெளியே இருக்கிற புளியமரமும் வானமும்தான் அதற்குத் தெரியும். உள்ளே எது எரிந்தாலும் தெரியாது. கழற்றிய லைட்டையும் பழைய இடத்திலேயே மாட்டினேன். அழகு கெடக்கூடாது பாருங்கள்.

சாயங்காலம் இன்ஜினியரும் நிர்வாகியும் நின்று பார்த்தார்கள். புளியமரம் கறுத்தது. விளக்குகள் எரிந்தன. எரிந்துகொண்டே இருந்தன. பெண்கள் தலை நிமிராமல் படித்தார்கள்.

"சுவத்த கொத்தணுமா சார்?" என்று கேட்டேன்.

"வேணாம், வேணாம். நான் வச்ச டைமிங் இப்பதான் செட் ஆயிருக்கு" என்றார் இன்ஜினியர்.

"அதெல்லாம் இல்லீங்க, திருஷ்டி கழிஞ்சிச்சி" என்றார் நிர்வாகி.

பல்லும் மீசையுமாக அந்தப் பூதத்தைக் கொண்டுபோய் கூடத்தில் நான் மாட்டிய சுவிட்ச் போர்டுக்கு மேலே ஒட்டினார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பாருங்கள். சுவரில் ஒரு கீறல் கிடையாது.