அத்தானின் கடிகாரத்துக்கு என்ன அவசரம்?

இருபது வருடமாகக் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் அவளிடம் குற்றம் சொல்லத் துணிந்தவர் அக்கா கணவர் ஒருவர்தான். மைக் செட் வாடகைக்கு விடுபவர்.

"போன மாசம்தானே சர்வீஸ் பண்ணுனே? தினமும் கால் மணி நேரம் முன்னாடி ஓடுது. மண்டபம் திறக்கறதுக்குள்ள நான் வாசல்ல நிக்கிறேன்!"

அவள் லென்ஸை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தாள். சாவி கொடுத்த பெரிய ஸ்பிரிங் ஒழுங்காகத்தான் விசை தந்தது. அந்த விசையைச் சீராக அளந்துவிடுவது, இடமும் வலமும் ஆடும் ஒரு குட்டிச் சக்கரம். அதைத் திரும்பத் திரும்ப இழுத்து ஆட்டும் முடி போன்ற சுருள் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றுகள் ஒட்டிக் கிடந்தன.

"கடிகாரத்தைக் கழட்டி எங்க வைப்பீங்க அத்தான்?"

"ஸ்பீக்கர் மேல."

"அதுக்குள்ள பெரிய காந்தம் இருக்கே! அதுதான் ஸ்பிரிங்ல ஏறி, சுத்து ஒட்டிக்கிச்சு. நீளம் குறைஞ்சதுனால சக்கரம் வேகமா ஆடுது."

காந்தம் நீக்கும் கருவியில் காட்டியதும் சுற்றுகள் பிரிந்தன. சக்கரம் நிதானத்துக்கு வந்தது.

அத்தானின் குரல் இறங்கியது. "அப்ப தப்பு என் மேலயா?"

"சேச்சே, ஸ்பீக்கர் மேலதான்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, கடிகாரம் மாட்ட, இரும்பு ஆணிகூட வேண்டாமென்று சுவரில் ஒரு மரமுளை அடித்தார்.