ஒரு நாள் ஓய்வெடுத்த துணி

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று முன்பே சொன்னவன் நான். செக்கிங் பிரிவு அருள்மேரி ஒரு நாள் நம் கம்பெனி இதழின் 'சக ஊழியர் பாராட்டு' பக்கத்தில் வருவார் என்று கட்டிங் மேஜை அருகே நின்று சொன்னேன். கேட்டவர்கள் இருக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை பல்லடம் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது எனக்குப் போன் வந்தது. அருள்மேரிக்கு நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரிவரை தாங்கவில்லையாம். பாராட்டாக வரவேண்டியதை இப்போது அஞ்சலியாக எழுதுகிறேன்.

டி-ஷர்ட்டெல்லாம் உயரம் குறைந்து வந்த மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். அயர்ன் போட்டு அளந்தால் முக்கால் அங்குலம் காணாமல் போயிருக்கும். கட்டிங் மாஸ்டரான என் கத்தரியைக் குறை சொல்ல இந்தத் திருப்பூரில் ஆள் கிடையாது. ஆகவே பழி டெய்லர்கள்மேல் விழுந்தது. ஒரு லைன் டெய்லர்கள் அத்தனை பேரையும் வேலையிலிருந்து நிறுத்திவிடுவதாகப் பேச்சு.

அருள்மேரி என்னிடம் வெட்டிய முன்பாகம் ஒன்றை வாங்கிப்போனார். மறுநாள் காலை அதை டேப்போடு கொண்டுவந்து மேஜையில் விரித்தார். ஊசியே படாத துணி, அப்போதும் அளவு குறைந்திருந்தது.

"ரோலுல இழுபட்டு வருது மாஸ்டர். பிரிச்சு ஒரு நாள் போட்டாத்தான் சுருங்க வேண்டியது சுருங்கும். நீங்க வந்த கையோட வெட்டிப்புடுதிய."

"ஏனுங்க மேரி, எனக்கே பாடம் எடுக்கறீங்களா?"

"நான் எங்க எடுக்கேன், டேப்புல்லா எடுக்கு."

உலகத்தில் எனக்கு இப்படிப் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

துணியைப் பிரித்துப் போடும் வழக்கம் நம்மிடம் இருந்ததுதான். ஆர்டர் அவசரத்தில் விட்டுப்போயிற்று. அன்றிலிருந்து அவர் அரைமணி முன்னதாக வந்து ரோல்களைப் பிரிக்கச் செய்தார். இழுக்காமல், தளர்வாக மடித்து, பாரம் அழுத்தாதபடி தாழ்வாக அடுக்கினார். ஓரத்தில் சாக்பீஸால் பிரித்த கிழமையும் மணியும். இன்று பிரித்தது இடது ரேக்கில், ஒரு நாள் கிடந்தது வலது ரேக்கில். வலதிலிருந்து மட்டும்தான் மேஜைக்குத் துணி வரும். இரண்டு வாரத்தில் அளவு சரியாயிற்று. எந்த டெய்லரும் வீட்டுக்குப் போகவில்லை. சரக்கு வாங்க வெளிநாட்டிலிருந்து வந்த பையர் எழுந்து நின்று கும்பிட்டார் என்றுகூடச் சொல்வேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்.

இது யார் வேலை என்று மேனேஜர் கேட்டார். அருள்மேரி என்று அங்கேயே சொன்னேன். என் பேரெல்லாம் வேண்டாம் மாஸ்டர் என்று அந்த அம்மாதான் தடுத்துவிட்டார்.

இந்த இடத்தில் பேனா நகரமாட்டேன் என்கிறது. அவர் தடுக்கவே இல்லை. என் வேலை என்று நினைத்து மேனேஜர் என் தோளைத் தட்டினார், அருள்மேரி பேரை நான் சொல்லவே இல்லை. அன்று சாயங்காலம் கம்பெனி கேட் அருகே அருள்மேரி கேட்டார்: "என் பேரச் சொன்னீயளா மாஸ்டர்?"

சொன்னேன் என்றேன். அவர் சந்தோஷமாகப் போனார். அந்த முகம்தான் என்னிடம் மிச்சமிருக்கிறது.